தாங்கிக்கொள்ளாதீர்கள், எண்ணத் தொடங்குங்கள்!

"வயசானா இப்படித்தான். நாங்கெல்லாம் இதைப் போய் வெளிய சொன்னோமா?"

இந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு எத்தனை பெண்களின் வாயை அடைத்திருக்கிறோம்! மாதவிலக்கு நின்ற பிறகு நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து முகத்துக்கும் குப்பென்று ஏறும் அந்தச் சூடு, அடுத்த நிமிடமே கொட்டும் வியர்வை, அது அடங்கியதும் வரும் குளிர் நடுக்கம், இரவில் இரண்டு முறை ஜாக்கெட் மாற்றிப் படுக்கும் அவஸ்தை. மருத்துவர்கள் இதை ஹாட் ஃப்ளஷ் என்கிறார்கள். வீட்டில் இதற்குப் பெயரே இல்லை. பெயர் இல்லாததற்கு வைத்தியமும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

உங்களுக்கு இன்னொரு பூட்டும் விழுந்திருக்கலாம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர் நீங்கள். அல்லது காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்தவர், பக்கவாதமோ மாரடைப்போ கண்டவர். மற்றவர்களுக்கு இந்தச் சூட்டைத் தணிக்க ஈஸ்ட்ரோஜன் தருவார்கள், அதற்கு இணையான மருந்து இன்னும் வரவில்லை என்பதும் உண்மை. உங்களிடம் மட்டும், "உங்களுக்கு ஹார்மோன் கொடுக்க முடியாதும்மா" என்று சொல்லி, மருத்துவர் அடுத்த நோயாளியின் சீட்டைக் கையில் எடுக்கிறார். நீங்களும் எழுந்து வந்துவிடுகிறீர்கள்.

ஏன் எழுந்தீர்கள்? அந்த வாக்கியத்தின் முதல் பாதிதானே முடிந்தது? "சரி டாக்டர், ஹார்மோன் இல்லாம வேற என்ன இருக்கு?" என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதிலும் உண்டு. ஒன்றல்ல, பல உண்டு. சோதனைக்கூடத்தில் மட்டும் இருக்கும் பதில்களும் அல்ல. பெரும்பாலானவை ஊர் மருந்துக்கடையில் பல ஆண்டுகளாக விற்கும் சாதாரண மாத்திரைகள்.

ஹார்மோன் கூடாது என்று மருத்துவர் சொல்வதைச் சந்தேகப்படவேண்டாம். விலை கொடுத்துக் கற்ற பாடம் அது. ஸ்வீடனில் ஹேபிட்ஸ் என்ற ஆய்வில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களுக்கு இந்தச் சூட்டுக்காக ஹார்மோன் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்கப்பட்ட பெண்களுக்கு நோய் திரும்புவது அதிகமாகத் தெரிந்ததும் 2003 டிசம்பரில் ஆய்வையே நிறுத்தினார்கள். ஆகவே அந்தக் கதவு காரணத்தோடுதான் மூடியிருக்கிறது. அதை முட்டிக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் பலத்தை வேறு கதவுகளில் காட்டுங்கள்.

முதலில் இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்துவிட்டால், "எல்லாம் உன் மனசுலதான்" என்று இனி யாரும் உங்களை மடக்க முடியாது.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதாலமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. உடம்பின் சூட்டை அளந்து, ஏறினால் வியர்க்க வைத்து, இறங்கினால் நடுங்க வைப்பது அதன் வேலை. அதற்குள்ளேயே சில நரம்பணுக்கள் நியூரோகைனின் பி என்ற பொருளைச் சுரந்து அதைத் தூண்டிக்கொண்டிருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் இருக்கும் வரை அந்த அணுக்கள் அடங்கி இருக்கும். ஈஸ்ட்ரோஜன் போனதும் அவை பருத்து, கட்டுப்பாடில்லாமல் தூண்டத் தொடங்கும். மாதவிலக்கு நின்ற பெண்களின் மூளையில் இந்த அணுக்கள் பருத்திருப்பதை முதலில் எடுத்துக்காட்டியவர் அரிசோனா பல்கலைக்கழகத்தின் நவோமி ரான்ஸ். அதன் பிறகு உங்கள் உடம்பு, இலை அசைந்தாலும் எழுந்து குரைக்கிற காவல் நாயைப் போல ஆகிவிடுகிறது. ஒரு டம்ளர் சூடான காபி, மூடிய பேருந்து, ஒரு சின்னப் பதற்றம், இவற்றால் சூடு இம்மி ஏறினாலும் போதும். உடம்பே தீப்பிடித்ததாக நினைத்து தோலின் ரத்தக்குழாய்களையெல்லாம் திறந்து வியர்வையைக் கொட்டிவிடுகிறது.

இது நரம்பில் நடப்பது. உங்கள் பலவீனம் அல்ல, கற்பனை அல்ல. நரம்பில் நடப்பது என்பதால்தான் ஹார்மோனைத் தொடாமல் நரம்பின் வழியாகவே இதைத் தணிக்கவும் முடிகிறது.

இனி வேலைக்கு வருவோம். ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது 48. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர். ஹார்மோனுக்கு வளரும் வகை மார்பகப் புற்றுநோய், அறுவை முடிந்தது, கீமோ முடிந்தது, இப்போது தினம் டாமோக்சிஃபென் 20 மி.கி. ஒரு மாத்திரை. கீமோவிலேயே மாதவிலக்கு நின்றுபோனது. அதோடு டாமோக்சிஃபெனும் சேர்ந்துகொண்டு சூட்டைக் கிளப்புகிறது. அடுப்படியில் நிற்பதால் எது அடுப்பின் சூடு, எது தன் சூடு என்றே அவருக்குத் தெரிவதில்லை. இரவில் தூக்கம் இல்லை. ஒரு நாள் அவர் ஒரு முடிவு எடுக்கிறார்: "இந்த மாத்திரையாலதானே இவ்வளவும்? ஒரு மாசம் நிறுத்திப் பார்ப்போம்."

நிறுத்துங்கள், அந்த எண்ணத்தை! இந்தக் கட்டுரையில் நான் உரக்கச் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான். ஹார்மோன் வகைப் புற்றில் ஐந்து ஆண்டுகள் ஒழுங்காக எடுக்கும் டாமோக்சிஃபென், நோய் திரும்பும் வாய்ப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது. சூட்டின் மேல் உள்ள கோபத்தில் உங்கள் காவலை நீங்களே விரட்டக்கூடாது. வீட்டில் யாருக்கும் சொல்லாமல், மருத்துவரிடமும் சொல்லாமல், அட்டையை அலமாரிக்குள் தள்ளிவிட்டு "சாப்பிட்டுட்டுதான் இருக்கேன்" என்று சொல்லும் பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பொறுத்துக்கொள் என்று சொல்லியே அவர்களை அங்கே தள்ளியவர்கள் நாம். ஆனால் நீங்கள் அங்கே போகாதீர்கள். மாத்திரையைத் தொடருங்கள், சூட்டோடு மோதுங்கள்.

மோதுவதற்கு முதல் ஆயுதம் ஒரு நாற்பது பக்க நோட்டு. நம் சத்துணவு அக்கா ஒரு வாரம் எழுதுகிறார். சூடு வந்த ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. பக்கத்தில் ஒரு எண். லேசாக வந்து போனால் 1. வியர்த்தாலும் வேலை நிற்கவில்லை என்றால் 2. கையில் இருக்கிற கரண்டியைக் கீழே வைக்க வேண்டியிருந்தால், தூக்கம் கலைந்தால் 3. எழுந்து உடை மாற்றி, வெளியே ஓடி நிற்கும் அளவுக்கு வந்தால் 4. புற்றுநோய் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் கணக்கும் ஏறத்தாழ இதுவேதான்.

வாரக் கடைசியில் கூட்டுகிறார். மொத்தம் 63 முறை, அதாவது நாளுக்கு 9. அதில் 14 லேசானவை, 28 நடுத்தரம், 21 கடுமை. எண்களைப் பெருக்கிக் கூட்டினால் 14, 56, 63, ஆக 133. இந்த 133ஐ எழுதிய தாளோடு அவர் மருத்துவர் முன் உட்காருகிறார். "ரொம்பக் கஷ்டமா இருக்கு டாக்டர்" என்று சொன்னால் ஆறுதல் கிடைக்கும். "ஒரு நாளைக்கு ஒன்பது தடவை வருது டாக்டர், அதுல மூணு தடவை வேலையையோ தூக்கத்தையோ கெடுக்குது" என்று சொன்னால் சிகிச்சை கிடைக்கும். கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனை ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களுக்குள் எண்ணோடு போகிற பெண்ணை யாரும் கைகாட்டி அனுப்ப முடியாது.

அந்த நோட்டிலேயே இன்னொன்றையும் கவனியுங்கள். மாலையில் காய்ச்சல், விடாத இருமல், எடை குறைவது, கழுத்தில் கட்டி, இவற்றோடு இரவு வியர்வை வந்தால் அது மாதவிலக்கு நின்றதால் வருவது என்று நீங்களே தீர்ப்பு எழுதவேண்டாம். நம் நாட்டில் காசநோயும் இரவில் இப்படித்தான் நனைக்கும். கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, நாள் முழுக்கச் சூடாகவே இருந்தால் தைராய்டு பரிசோதனை தேவை. ஹாட் ஃப்ளஷ் சில நிமிடங்களில் வந்து போகும். வெப்பமானியில் காய்ச்சல் காட்டாது.

இப்போது மருந்து. மருத்துவர் வென்லாஃபாக்சின் என்று எழுதுகிறார். மருந்துக்கடைக்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு, "இது மனநல மாத்திரை ஆச்சே, யாருக்கு?" என்கிறார். வீட்டுக்கு வந்தால் மகன் கைபேசியில் தேடிவிட்டு, "அம்மா, உனக்கு டிப்ரஷனா?" என்கிறான். எத்தனையோ பெண்கள் இந்த இடத்தில்தான் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

திருப்பிக் கொடுக்காதீர்கள்! தலை நிமிர்ந்து சொல்லுங்கள்: "இது எனக்கு வர்ற சூட்டுக்கு." மனச்சோர்வுக்குக் கண்டுபிடித்த மருந்துதான். ஆனால் அது வேலை செய்யும் செரட்டோனின், நார்அட்ரினலின் ஆகியவை உடம்பின் சூட்டை நிர்வகிப்பதிலும் பங்கெடுப்பவை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சார்லஸ் லோப்ரின்சி குழுவினர் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களையும், அந்தப் பயத்தால் ஹார்மோனைத் தவிர்த்த பெண்களையும் கொண்டு ஆய்வு செய்து 2000-ல் வெளியிட்டார்கள். நான்கு வாரத்தில், நாம் மேலே போட்ட அதே வகைக் கணக்கு, 75 மி.கி. எடுத்தவர்களுக்கு 61 சதவீதம் இறங்கியது. 37.5 மி.கி. எடுத்தவர்களுக்கு 37 சதவீதம். இருமடங்காக 150 மி.கி. எடுத்தவர்களுக்கும் அதே 61 தான். தொந்தரவு மட்டும் கூடியது. அதிகம் விழுங்கினால் அதிகம் குணம் என்று நினைப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

அந்த ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் 27 சதவீதம் இறங்கியது! இந்தச் சூடு தானாகவும் ஏறி இறங்கும். நம்பிக்கையும் கொஞ்சம் தணிக்கும். அதனால்தான், "பக்கத்து வீட்டு அக்காவுக்கு இந்தப் பொடியில சரியாப் போச்சாம்" என்ற பேச்சை நான் நம்புவதில்லை. எதைத் தின்றாலும் கால்வாசிச் சூடு குறைந்ததுபோலத்தான் தெரியும்.

நம் அக்கா காலையில் சாப்பாட்டுக்குப் பின் 37.5 மி.கி. தொடங்குகிறார். முதல் நான்கைந்து நாள் குமட்டல், வாய் வறட்சி, பசி மந்தம். "ஒத்துக்கல" என்று மூன்றாம் நாளே தூக்கிப் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் போடவில்லை. குமட்டல் பெரும்பாலும் தானே அடங்கும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஒரு வாரம் கழித்து, ரத்த அழுத்தம் பார்த்து, 75 மி.கி. ஆக்குகிறார்கள். இந்த மருந்து சிலருக்கு அழுத்தத்தை ஏற்றும். ஏற்கெனவே அழுத்தம் இருப்பவர்கள் அளந்துகொண்டே இருக்கவேண்டும். நான்காம் வாரம் மறுபடி நோட்டு. மொத்தம் 35 முறை. 21 லேசு, 12 நடுத்தரம், 2 கடுமை. 21, 24, 6, ஆக 51. 133 எங்கே, 51 எங்கே! சூடு முற்றாகப் போகவில்லை, அது உண்மை. ஆனால் கரண்டியைக் கீழே வைக்கவைக்கும் அந்தக் கடுமையான சூடு வாரத்துக்கு 21 முறை வந்தது, இப்போது இரண்டு முறைதான் வருகிறது. தூங்குகிறார். டாமோக்சிஃபெனை நிறுத்தும் யோசனையும் தானாகவே போய்விட்டது.

ஒருவேளை நான்காம் வாரம் அவர் கூட்டிய எண் 97 ஆக இருந்திருந்தால்? அது 27 சதவீத இறக்கம். வெற்று மாத்திரையே செய்திருக்கக்கூடியது. அப்போது "பரவாயில்ல, கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்று சமாதானம் ஆகக்கூடாது. "டாக்டர், இது எனக்குப் பத்தல, மாத்துங்க" என்று சொல்லவேண்டும். இதற்குத்தான் எண்ணச் சொன்னேன்.

இந்த மருந்தை ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் தொட்டதுபோல் தலைக்குள் சுளீர் என்ற உணர்வு எல்லாம் வரும். மருத்துவர் சொல்லும்படி வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்கவேண்டும். ஊருக்குப் போகும்போது அட்டையை மறந்துவிட்டுப் போகாதீர்கள். வேறு மனநல மாத்திரையோ, டிராமடால் என்ற வலி மாத்திரையோ எடுப்பவர் அதை மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும், சேர்ந்தால் ஆபத்து.

இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். ஹாட் ஃப்ளஷுக்கு அமெரிக்க அரசு 2013-லேயே அனுமதித்த ஹார்மோன் அல்லாத மாத்திரை ஒன்று உண்டு: பராக்செடின், 7.5 மி.கி. நல்ல மருந்து. ரத்தக்கட்டு வந்ததால் ஈஸ்ட்ரோஜன் கூடாத பெண்ணுக்கு அது பொருந்தும். ஆனால் டாமோக்சிஃபென் எடுக்கும் பெண்ணுக்குக் கூடாது! டாமோக்சிஃபென் அப்படியே வேலை செய்வதில்லை. கல்லீரலில் ஒரு நொதி அதை எண்டாக்சிஃபென் என்ற வீரியமான பொருளாக மாற்றவேண்டும். பராக்செடின் அந்த நொதியின் கையைக் கட்டிவிடுகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இரண்டையும் சேர்த்து எடுத்த பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டபோது, சேர்த்து எடுத்த காலம் நீள நீள மார்பகப் புற்றால் இறப்பதும் கூடியிருந்தது. ஃபுளுவாக்செடினும் அதே நொதியைக் கட்டுவதுதான். வென்லாஃபாக்சின் அதை அதிகம் தொடுவதில்லை; அதனால்தான் நம் அக்காவுக்கு அது எழுதப்பட்டது.

மாத்திரையை எழுதுபவர் ஒரு மருத்துவர், டாமோக்சிஃபென் எழுதியவர் இன்னொரு ஊரில் இன்னொருவர். இருவரையும் சேர்த்து வைக்கும் ஒரே ஆள் நீங்கள்தான். உங்கள் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேசையில் கொட்டுங்கள். "இது டாமோக்சிஃபெனோட சேருமா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளித்தால், சுளிக்கட்டும். உயிர் உங்களுடையது.

பகலை விட இரவில்தான் உங்களுக்கு அதிகம் என்றால் காபாபென்டின் என்ற இன்னொரு வழி இருக்கிறது. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தருவது. மார்பகப் புற்றுநோய் வந்த 420 பெண்களிடம் நடந்த, 2005-ல் வெளியான ஆய்வில், நாளுக்கு 900 மி.கி. எடுத்தவர்களுக்கு எட்டு வாரத்தில் 46 சதவீதம் இறங்கியது. வெற்று மாத்திரைக்கு 15. இரவில் 300 மி.கி. என்று தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். தூக்கத்தை இழுத்துவரும், தலையும் சுற்றும். இரவில் ஜாக்கெட் மாற்றி மாற்றித் தூக்கம் கெட்ட பெண்ணுக்கு அந்தத் தூக்கமே வரம், விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்கூட்டரில் பூ மார்க்கெட் போகிற பெண்ணுக்கு அதுவே எமன். சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்கு அளவு குறைக்கவேண்டும். இதையும் சட்டென்று நிறுத்தக்கூடாது. வென்லாஃபாக்சின், காபாபென்டின் இரண்டையும் அதே பெண்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஒரு ஆய்வில் பலன் ஏறத்தாழ ஒன்றுதான். மூன்றில் இரண்டு பங்குப் பெண்கள் வென்லாஃபாக்சினைத் தேர்ந்தார்கள், மீதிப் பேர் காபாபென்டினை. ஆகவே ஒன்று சேரவில்லை என்பதற்காக எல்லாமே சேராது என்று கையை விரிக்காதீர்கள்.

சிறுநீரை அடக்கமுடியாதவர்களுக்குத் தரும் ஆக்சிபியூட்டினின் கூட இதில் வேலை செய்கிறது. நாளுக்கு இரண்டு முறை 2.5 மி.கி. போதும். வாய் காய்ந்துபோகும். வயதானவர்களுக்கு ஞாபகத்தை மந்தமாக்கும் என்ற கவலை இருப்பதால் நீண்ட நாள் ஓட்டுவதற்கு நான் ஆசைப்படமாட்டேன்.

மாத்திரையே வேண்டாம் என்கிறீர்களா? அதற்கும் வழி இருக்கிறது, அதுவும் சோதித்துப் பார்த்த வழி. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் மைரா ஹண்டர் குழுவினர் மார்பகப் புற்றிலிருந்து மீண்ட பெண்களை வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், ஆறு வாரம் கூட்டிவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அறிவாற்றல் நடத்தைப் பயிற்சி, சுருக்கமாக சி.பி.டி. முடிவு 2012-ல் வந்தது. சூடு எவ்வளவு தொல்லை கொடுக்கிறது என்று பெண்களே போட்ட மதிப்பெண், பயிற்சி பெற்றவர்களுக்கு ஏறத்தாழ 46 சதவீதம் இறங்கியது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு 20 அளவில். ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன், எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. குறைந்தது சூட்டின் பிடி.

அது எப்படி என்கிறீர்களா? பேருந்தில் நிற்கும்போது சூடு ஏறுகிறது. உடனே மனம் ஓடுகிறது: "ஐயோ, எல்லாரும் பாக்குறாங்க. நாத்தம் அடிக்குமோ. இங்கேயே விழுந்துடுவேனோ." அந்தப் பதற்றமே அடுத்த சூட்டை மூட்டுகிறது. பயிற்சி இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. சூடு ஏறும் முதல் நொடியில் தோளைத் தளர்த்தி, வயிறு அசைய மெதுவாக மூச்சை விட்டு, "வந்திருக்கு. ரெண்டு மூணு நிமிஷத்துல போயிடும். என்னைத் தவிர யாருக்கும் இது பெருசில்ல" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளும்படி பழக்குகிறது. இரவில் விழித்தால் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னிக்கும் தூக்கம் போச்சு" என்று கணக்குப் போடாமல் போர்வையைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் படுக்கப் பழக்குகிறது. கேட்க எளிது. சூடு இல்லாதபோது தினமும் பழகினால்தான் சூடு வரும்போது கைகொடுக்கும். மூச்சுப் பயிற்சி மட்டும் தனியாகச் சூட்டைக் குறைப்பதாகச் சோதனைகளில் நிலைக்கவில்லை. மனதின் ஓட்டத்தை மாற்றுவதோடு சேரும்போதுதான் அதற்குப் பலன். மனநல ஆலோசகர் ஒருவரிடம் கேளுங்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் இருக்காதீர்கள்!

இன்னொரு பக்கம் கடைத்தெரு. சோயாக் குளிகை, பிளாக் கோஹோஷ் என்ற வேர், "பெண்மைக்கான இயற்கை டானிக்", பளபளக்கும் டப்பாக்கள். வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-ல் இதையெல்லாம் அலசி, மூலிகைகளையும் சத்துக் குளிகைகளையும் இந்தச் சூட்டுக்குப் பரிந்துரைக்கவில்லை என்று எழுதியது. சோயாவில் இருப்பது ஈஸ்ட்ரோஜனை ஒத்த பொருள். ஈஸ்ட்ரோஜன் கூடாது என்று சொன்ன உடம்புக்குள் அதன் சாயலைச் செறிவூட்டிய குளிகையாக ஏற்றுவதில் என்ன புத்திசாலித்தனம்? உணவில் வரும் சோயாவை நான் சொல்லவில்லை. "இயற்கைதானே" என்பதும் ஒரு பொறி. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற பூச்செடிச் சாறு மருந்துகளைக் கல்லீரல் கையாளும் விதத்தையே மாற்றிவிடும். டாமோக்சிஃபெனோடு அதைச் சேர்க்கக்கூடாது. பருத்திப் புடவை, தலையணைப் பக்கத்தில் தண்ணீர், மின்விசிறிக்கு நேரே படுக்கை, இதெல்லாம் சுகம், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் இதைச் செய்துவிட்டு, "இதுக்கு மேல ஒண்ணும் இல்லை" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உடல் எடை கூடுதலாக இருப்பவர்கள் அதைக் குறைத்தால் சூடும் ஓரளவு குறைகிறது என்பதற்கு மட்டும் ஆதாரம் இருக்கிறது.

கடைசியாக, நரம்பணுவின் மேலேயே நேராகக் கைவைக்கும் புதிய மருந்துகள். நியூரோகைனின் பி போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடுபவை. முதலாவது ஃபெசோலினெட்டன்ட், நாளுக்கு 45 மி.கி., அமெரிக்காவில் 2023 மே மாதம் அனுமதி பெற்றது. ஈஸ்ட்ரோஜனோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அதன் முக்கிய ஆய்வுகளில் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களைச் சேர்க்கவில்லை. இரண்டாவது எலின்சானெட்டன்ட், இரவில் 120 மி.கி. டாமோக்சிஃபென் போன்ற மருந்துகளை எடுத்துக்கொண்டிருக்கும் பெண்களையே எடுத்து அதைத் தனியாக ஒரு ஆய்வு செய்தார்கள். சூடு வரும் எண்ணிக்கை வெற்று மாத்திரையை விடத் தெளிவாகக் குறைந்ததை 2025-ல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு பிரிட்டனும் அமெரிக்காவும் அந்த மருந்தை அனுமதித்தன. அசதி, தலைவலி, தூக்கக் கலக்கம் சிலருக்கு வருகிறது. இத்தனை காலம் பொறுத்துக்கொள் என்று சொல்லப்பட்ட பெண்களை மையமாக வைத்தே ஒரு ஆய்வு நடந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய செய்தி. "எனக்கு இது பொருந்துமா, இங்கே கிடைக்குமா?" என்று உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஃபெசோலினெட்டன்ட் உங்களுக்கு எழுதப்பட்டால் ஒரு நிபந்தனை. அரிதாகக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்குகிறது என்று தெரிந்து 2024 டிசம்பரில் அமெரிக்கா அதன் பெட்டியில் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட வைத்தது. தொடங்கும் முன் கல்லீரல் ரத்தப் பரிசோதனை. பிறகு முதல் மூன்று மாதம் மாதம் ஒருமுறை. அதன் பின் ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம். கல்லீரல் சுருக்க நோய் இருப்பவரும், சிறுநீரகம் மிகவும் பழுதானவரும் எடுக்கவே கூடாது. பரிசோதனைக்குக் காசில்லை, நேரமில்லை என்று ஒரு மாதத்தைத் தாண்டவிடாதீர்கள். பரிசோதனை செய்துகொள்ள முடியாத நிலை என்றால் இந்த மருந்தையே தொடங்காதீர்கள், வென்லாஃபாக்சினும் காபாபென்டினும் இருக்கின்றன. எடுத்துக்கொண்டிருக்கும்போது காரணமில்லாத அசதி, உடல் அரிப்பு, வலது விலாவின் கீழ் வலி, சிறுநீர் கறுத்துப் போவது, கண் மஞ்சளாவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த மாத்திரையை எடுக்காதீர்கள். "நாளைக்குப் பார்ப்போம், புள்ளைங்க ஸ்கூலுக்குப் போகட்டும்" என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.